ரத்ததான முகாமுக்கு மண்டபம் பிடிக்கிறவங்க கவனத்துக்கு

ரத்ததான முகாம் நடத்தும் கல்லூரி என்எஸ்எஸ் தம்பி தங்கைகள், ரசிகர் மன்றத்து நண்பர்கள், ஜமாத், சர்ச், கோயில் கமிட்டி, குடியிருப்போர் சங்கம் என எல்லோருக்குமான த்ரெட் இது. கொஞ்சம் நீளம்தான். ஆனால் மண்டப மேனேஜரிடம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாடி ஒரு தடவை படிச்சிடுங்க.

ரத்தம் கொடுப்பதைப் பற்றி நிறைய எழுதியாச்சு. யார் கொடுக்கலாம், யார் கொடுக்கக் கூடாது, எத்தனை மாசத்துக்கு ஒருமுறை என்பதெல்லாம் உங்களுக்கே மனப்பாடம். இன்னைக்கு நான் பேசப் போறது மண்டபத்தைப் பற்றி. ஏன்னா முகாமில் நான் பார்த்த சிக்கல்களில் பாதி, ஊசியால் வந்தது இல்லை. மண்டபத்தைத் தப்பான நேரத்துக்குப் பிடிச்சதால வந்தது.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். மண்டபத்தை நோட்டீஸில் போடும் நேரத்துக்கு புக் பண்ணாதீங்க. சாவி வாங்கும் நேரத்திலிருந்து சாவி திருப்பிக் கொடுக்கும் நேரம் வரைக்கும் புக் பண்ணுங்க. அந்த அளவு நேரம் கிடைக்கலைன்னா, ரத்தம் கொடுக்க வர்றவங்க எண்ணிக்கையைக் குறைங்க. ரெண்டும் முடியலைன்னா இடத்தை மாத்துங்க.

வழக்கமா என்ன நடக்குதுன்னா, அமைப்பாளர் மேனேஜருக்கு போன் பண்ணுவார். "அண்ணே, ஞாயித்துக்கிழமை காலையில 9 மணியிலேருந்து 12 மணி வரைக்கும் ரத்ததான முகாம். மண்டபம் வேணும்." மேனேஜரும் நல்ல மனுஷன். "அதுக்கென்ன தம்பி, நல்ல காரியம், தாராளமா வாங்க"ன்னு நோட்டில் எழுதிக்குவார். என்ன எழுதுவார்? 9 முதல் 12. அவ்வளவுதான்.

இதில் மேனேஜர் மேல எந்தத் தப்பும் இல்லை. அவரிடம் சொன்னதைத்தான் எழுதியிருக்கார்.

இப்போ அந்த 9 முதல் 12 உண்மையில் எவ்வளவு நேரம்னு கணக்குப் போடுவோம். 60 பேர் ரத்தம் கொடுக்கப் போறாங்க, 6 படுக்கைகள் போடுறோம்னு வெச்சுக்குவோம். மருந்து, அழகுசாதனப் பொருள் விதிகளில் முகாமுக்கென்றே ஒரு அளவுகோல் இருக்கு. சுமார் 3 மணி நேரத்தில் 50 முதல் 70 பேர், 5 மணி நேரத்தில் 100 முதல் 120 பேர். 6 முதல் 8 படுக்கைகளுக்கு ஒரு மருத்துவர், ரெண்டு செவிலியர் அல்லது ரத்தம் எடுக்கும் பணியாளர்கள், கூடவே டெக்னீஷியன்களும் உதவியாளர்களும் இருக்கணும். நம்ம 60 பேர் இந்த 3 மணி நேரக் கணக்குக்குள்ள அழகா வந்துடுறாங்க.

படுக்கைப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் கணக்கு சரியாத்தான் வரும். 60 பேர், 6 படுக்கை, ஒரு படுக்கைக்கு 10 பேர். கையைச் சுத்தம் பண்ணி ஊசி போட, பை நிறைய, ஊசியை எடுத்துப் பஞ்சை அழுத்திப் பிடிக்க, அப்படியே கொஞ்ச நேரம் படுத்திருக்கன்னு எல்லாம் சேர்த்து ஒருத்தருக்கு 15 முதல் 18 நிமிஷம். பத்துப் பேருக்கு மூணு மணி நேரம்.

ஆனா கவனிங்க, இந்த மூணு மணி நேரம் முழுக்க ரத்தம் எடுக்கிற நேரம் மட்டும்தான். இதற்கு முன்னாடியும் பின்னாடியும் இருக்கிற வேலை இந்தக் கணக்கில் வராது.

முன்னாடி என்ன வேலை? ரத்த வங்கி வண்டி வந்து நிக்கணும். படுக்கைகள், ரத்தப் பைகள், பையை ஆட்டிக்கொண்டே எடை பார்க்கிற மானிட்டர், குழாயை மூடுகிற சீலர், ஹீமோகுளோபின் பார்க்கிற சாமான், அவசர மருந்துப் பெட்டி, ஆக்சிஜன், ரத்தத்தை வைக்கிற பெட்டிகள் எல்லாத்தையும் இறக்கணும். பதிவு மேசை, பரிசோதனை மேசை, படுக்கை, சிற்றுண்டி என்று வரிசையாகப் போட்டு, கருவிகளை ஓடவிட்டுப் பார்க்கணும். ஒன்றரை மணி நேரம் ஆகும். அதுவும் மண்டபம் தரைத்தளத்தில் இருந்தால். மாடின்னா, லிஃப்ட் இல்லைன்னா, இன்னும் அரை மணி சேர்த்துக்குங்க.

பின்னாடி? 12 மணிக்குப் பதிவை மூடுறோம். மூடும்போது வரிசையில் இன்னும் பத்துப் பேர் இருப்பாங்க. ஞாயித்துக்கிழமை யாரும் காலை 9 மணிக்கு வர்றதில்லை. எழுந்து, குளிச்சு, இட்லி சாப்பிட்டுப் பத்தரைக்கு மேலதான் கூட்டம் வரும். அதனால் கடைசி நபருக்கு ஊசியை எடுக்கும்போது 12.40 ஆகிடும். அவர் படுத்து எழுந்து, சிற்றுண்டி இடத்தில் உட்கார்ந்து, ஜூஸ் குடிச்சு, நாங்க பார்த்து "சரி, போகலாம்"னு சொல்றதுக்கு 1 மணி தாண்டும். அப்புறம்தான் பைகளை எண்ணி, பதிவேட்டோடு சரிபார்த்து, கழிவுகளைப் பிரிச்சுக் கட்டி, தரையைத் துடைச்சு, சாமான்களை ஏத்தணும். சாவி கொடுக்க 2 மணி.

ஆக, நோட்டீஸில் 9 முதல் 12. மண்டபம் தேவைப்படுறது 7.30 முதல் 2. மூணு மணி நேர முகாமுக்கு ஆறரை மணி நேர மண்டபம்.

"சரி டாக்டர், அரை மணி ஒரு மணி முன்னப்பின்ன ஆனா என்ன? மேனேஜர் கொஞ்சம் கோவிச்சுக்குவார், அவ்வளவுதானே"ன்னு கேட்கலாம். இங்கதான் நான் மருத்துவரா பேச வேண்டியிருக்கு.

நேரம் நெருக்கும்போது எது முதல்ல வெட்டுப்படும் தெரியுமா? ரத்தம் எடுப்பதை யாராலும் அவசரப்படுத்த முடியாது. பை நிறையுற வேகத்தில்தான் நிறையும். எண்ணிக்கை சரிபார்ப்பதையும் நாங்க விடமாட்டோம். வெட்டுப்படுவது, ரத்தம் கொடுத்தவர் உட்கார்ந்திருக்க வேண்டிய அந்த 15 நிமிஷம். "தம்பி, ஜூஸை வாங்கிட்டு வெளியில போய்க் குடிங்க, சேரை அடுக்கணும்." இப்படித்தான் ஆரம்பிக்கும்.

ரத்தம் கொடுத்த பிறகு சிலருக்குத் திடீர்னு இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கி மயக்கம் வரும். வேசோவேகல்னு சொல்வோம். முகம் வெளுக்கும், நெத்தியில் வேர்க்கும், கொட்டாவி விடுவாங்க, "ஒரு மாதிரி இருக்கு"ம்பாங்க. படுக்கையிலேயே வந்தால் பிரச்சினையே இல்லை. காலைத் தூக்கி வெச்சா சில நிமிஷத்தில் தெளிஞ்சிடுவாங்க. படுக்கையை விட்டு எழுந்து நடக்கும்போது வந்தால்தான் ஆபத்து. மயக்கம் ஆளைக் கொல்லாது. விழுற இடத்தில் படி, கம்பி, சிமெண்ட் தரை இருந்தால் அதுதான் மண்டையை உடைக்கும். முதல் தடவை கொடுக்கிறவங்க, சின்ன வயசுக்காரங்க, எடை குறைவானவங்க, காலையில் சாப்பிடாம வந்தவங்களுக்கு இந்த வாய்ப்பு அதிகம். கல்லூரி முகாமில் வர்றவங்க பெரும்பாலும் இவங்கதானே?

நான் மருத்துவராகப் போயிருந்த ஒரு முகாமில் நடந்தது. 12 மணிக்கே அலங்காரக்காரர்கள் ஏணியோடு உள்ளே வந்துட்டாங்க. சாயந்திரம் ரிசப்ஷன். நாங்க இன்னும் எட்டுப் பேருக்கு ரத்தம் எடுத்துக்கிட்டு இருக்கோம். சிற்றுண்டி மூலையில் இருந்த நாற்காலிகளை மண்டபத்து ஆட்கள் கழுவ எடுத்துட்டுப் போயிட்டாங்க. ரத்தம் கொடுத்த ஒரு பையன் உட்கார இடமில்லாம வாசப்படிக்கு வந்து நின்னு போன் பேசிக்கிட்டிருந்தான். அங்கேயே சாய்ஞ்சான். தாடையில் நாலு தையல். பல் தப்பிச்சது. அவன் அம்மா என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "நல்லதுக்குத்தானே சார் வந்தான்?" அந்தப் பையன் இனிமே ரத்தம் கொடுக்க வருவானா? அவன் வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிற ஐம்பது பேர் வருவாங்களா?

அலங்காரக்காரர் வில்லன் இல்லை. அவருக்கு 12 மணின்னு சொல்லியிருக்காங்க, அவர் 12 மணிக்கு வந்தார்.

அதனால் மேனேஜரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "மண்டபம் காலியா?" இல்லை. "எங்களுக்குப் பின்னாடி யார் வர்றாங்க, எத்தனை மணிக்கு அவங்க சாமான் இறங்கும்?" இதுதான் கேள்வி.

இதற்கு காலண்டரைப் பார்த்தாலே பாதி பதில் தெரியும். ஞாயித்துக்கிழமை உங்க முகாம். திங்கள்கிழமை முகூர்த்த நாளா? அப்படின்னா கல்யாண வீட்டார் ஞாயித்துக்கிழமை மதியத்திலிருந்தே மண்டபத்தை எடுத்திருப்பாங்க. நம்ம ஊர்க் கல்யாணத்துக்கு வாடகை நாள் முந்தின நாள் மதியமே தொடங்கிடும். காலையிலேயே காய்கறி மூட்டை, பாத்திரம், காஸ் அடுப்பு எல்லாம் வந்து இறங்கும். மேனேஜர் "காலையில ஃப்ரீதான்"னு சொல்றது பொய் இல்லை. அந்த ஃப்ரீ 12 மணியோட முடியுதுன்னு நீங்கதான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

மாறாக ஆடி மாசமும் மார்கழி மாசமும் மண்டபங்கள் காத்து வாங்கும். அப்போ போய்க் கேட்டால் நாள் முழுக்கக் கொடுப்பாங்க, வாடகையிலும் விட்டுக்கொடுப்பாங்க. சிக்கல் என்னன்னா, ரத்தத்துக்குத் தட்டுப்பாடு வர்றது கோடை விடுமுறையில். கல்லூரி மூடியிருக்கும், முகாம்கள் குறைவு. அதே நேரம்தான் சித்திரை, வைகாசி கல்யாண சீசன். அந்த மாசங்களில் கல்யாண மண்டபத்தை நம்பாதீங்க. பள்ளிக்கூட ஹால்கள் விடுமுறையில் சும்மா கிடக்கும். தலைமை ஆசிரியரிடம் நிர்வாகத்தின் அனுமதியோடு கேளுங்க. உங்களுக்குப் பின்னாடி யாரும் ஏணியோடு வரமாட்டாங்க.

அடுத்தது, மண்டபத்தை நேரில் போய்ப் பார்க்கிறது. போனிலேயே முடிச்சுடாதீங்க. ரத்த வங்கிக்காரர் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. முக்கியமா மூணு விஷயம் பார்ப்போம்.

ஒண்ணு, சிற்றுண்டி இடம். பல மண்டபங்களில் சாப்பாட்டுக் கூடம் கீழே பேஸ்மெண்டில் இருக்கும், இல்லைன்னா மாடியில். மேனேஜர் அன்போடு சொல்வார், "ஜூஸ், பிஸ்கட் எல்லாம் டைனிங் ஹால்ல குடுத்துக்குங்க சார், இங்க தரை பிசுபிசுன்னு ஆகிடும்." தயவுசெய்து ஒத்துக்காதீங்க. ரத்தம் கொடுத்து பத்து நிமிஷம்கூட ஆகாதவரைப் படியேற வைக்கிறதும் இறங்க வைக்கிறதும் மயக்கத்தை வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கிற வேலை. சிற்றுண்டி, படுக்கைகள் இருக்கிற அதே ஹாலில், மருத்துவர் உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரியுற மாதிரி இருக்கணும். தரையைத் துடைக்க ஆள் நாங்களே போடுறோம்னு சொல்லிடுங்க. மேனேஜர் கவலையும் நியாயம்தான், அதுக்கு வழி இருக்கு.

கைப்பிடி வெச்ச நாற்காலி இருபது கேளுங்க. சிற்றுண்டி இடத்துக்கு மட்டும். மயக்கம் வர்றவங்க பக்கவாட்டில்தான் சரிவாங்க, அந்தக் கைப்பிடி அவங்களைத் தாங்கும்.

ரெண்டாவது, மின்சாரம். "ஜெனரேட்டர் இருக்கா?" "இருக்கு சார்." இந்தப் பதிலோடு திருப்தி ஆகாதீங்க. ஜெனரேட்டர் எந்த லைனுக்கு ஓடுதுன்னு பார்க்கணும். பல இடங்களில் விளக்கு, ஃபேன், மேடை பிளக் இதுக்கு மட்டும்தான் வரும். சுவரோரத்து பிளக்குகளில் வராது, ஏசிக்கும் வராது. நம்ம சீலரும் மானிட்டரும் சுவரோரத்தில்தான் இருக்கும். சோதிக்க ஒரு எளிய வழி: கையில் ஒரு போன் சார்ஜரை எடுத்துக்கிட்டு, மேனேஜரிடம் மெயினை அணைச்சு ஜெனரேட்டரை ரெண்டு நிமிஷம் போடச் சொல்லுங்க. ஒவ்வொரு பிளக்கிலும் செருகிப் பாருங்க. எது உயிரோட இருக்கோ அதுக்குப் பக்கத்தில் படுக்கை. வயர் நடைபாதையைக் குறுக்கே தாண்டக் கூடாது. ஜெனரேட்டர் போடுற ஆள் ஞாயித்துக்கிழமை வருவாரா, டீசல் கணக்கு எப்படி என்பதையும் அங்கேயே பேசிடுங்க.

ஏசி ஹால்னா இன்னொன்று. நிகழ்ச்சி தொடங்கும்போதுதான் ஏசியைப் போடுவாங்க, அது அவங்க வழக்கம். நமக்கு 8 மணிக்கே ஓடணும். புழுக்கத்தில் காத்திருந்து, வேர்த்து, அப்புறம் படுக்கைக்கு வர்றவர்தான் சீக்கிரம் மயங்குவார்.

மூணாவது, ஒரு கதவு உள்ள அறை. ரத்தம் எடுக்கும் முன்னாடி நாங்க கேட்கிற கேள்விகள் அந்தரங்கமானவை. பாலியல் வாழ்க்கை, போதை ஊசி, பழைய மஞ்சள் காமாலை, பெண்களிடம் கர்ப்பம், மாதவிடாய். இதையெல்லாம் நண்பர்கள் வரிசையில் நிற்க, மைக்கில் ஒருத்தர் வாழ்த்திப் பேசிக்கொண்டிருக்க, ஹால் நடுவில் ஒரு மேசையில் கேட்டால் யார் உண்மையைச் சொல்வாங்க? உண்மை வரலைன்னா அந்த ரத்தம் போய்ச் சேரும் நோயாளிக்குத்தான் ஆபத்து. எல்லா ரத்தத்தையும் பரிசோதிக்கிறோம், ஆனால் தொற்று வந்த ஆரம்ப நாட்களில் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். அந்த ஓட்டையை அடைப்பது இந்தக் கேள்விகள்தான்.

மண்டபத்தில் அதற்குன்னே கட்டி வெச்ச மாதிரி ஒரு அறை இருக்கு: மணமகள் அறை. கதவு, ஃபேன், வெளிச்சம், கை கழுவத் தண்ணி எல்லாம் இருக்கும். ஆனால் தனியா கேட்கலைன்னா பூட்டித்தான் வெச்சிருப்பாங்க, இல்லைன்னா அடுத்த பார்ட்டி சாமானை அடுக்கியிருப்பாங்க. புக்கிங்கிலேயே "ஹால், மணமகள் அறை" என்று எழுதி வாங்குங்க.

இடைச்செருகலா ஒண்ணு. சிறப்பு விருந்தினர். அவர் 11.30க்குத்தான் வருவார். வந்ததும் வரிசை நிக்கும், படுக்கைகளுக்கு நடுவே போட்டோகிராஃபர் புகுந்து நிற்பார், ஊசியோடு இருக்கிறவரைச் சிரிக்கச் சொல்வார். இருபது நிமிஷம் போச்சு. அந்த இருபது நிமிஷமும் கடைசியில் மண்டபத்தைக் காலி பண்ற நேரத்திலிருந்துதான் போகும். அவரை 8.45க்குக் கூப்பிடுங்க, குத்துவிளக்கு ஏத்தி வெச்சுட்டு முதல் ஆளா ரத்தம் கொடுக்கட்டும். வர முடியாதுன்னா வாழ்த்துச் செய்தி போதும்.

இனி காலி பண்றது. விதிகளில் ரத்ததான முகாமும் உயிர்மருத்துவக் கழிவு உருவாகும் இடம்தான். 2016 விதிகளில் தெளிவா இருக்கு. ஊசி, ரத்தம் பட்ட பஞ்சு, குழாய்த் துண்டு எல்லாத்தையும் ரத்த வங்கிதான் பிரிச்சுக் கட்டி எடுத்துட்டுப் போகணும். மண்டபத்துக் குப்பைத் தொட்டியில் ஒரு பஞ்சுகூட விழக் கூடாது. அவசரமா காலி பண்ணும்போது தப்பு நடக்கிறது இங்கதான். கையில் ஒட்டின பஞ்சை எடுத்து ஜூஸ் டப்பா போட்ட தொட்டியில் போட்டுட்டுப் போயிடுவாங்க. மறுநாள் அதில் கையை விடுறவர் தூய்மைப் பணியாளர். அதனால் சிற்றுண்டி இடத்திலேயே பஞ்சுக்குத் தனித் தொட்டி ஒண்ணு வைக்கச் சொல்லுங்க.

படுக்கை போடுற இடத்தில் கம்பளம் இருந்தால் முந்தின நாளே சுருட்டச் சொல்லிடுங்க. கல்யாண மண்டபத்துக் கம்பளம் பெரும்பாலும் சிவப்பு. ரத்தத் துளி விழுந்தால் கண்ணுக்கே தெரியாது. டைல்ஸ் தரைன்னா ஹைப்போகுளோரைட் கரைசலை ஊத்திப் பத்து நிமிஷம் ஊற விட்டுத் துடைச்சிடலாம். அந்தப் பத்து நிமிஷமும் உங்க புக்கிங் நேரத்துக்குள்ள இருக்கணும்.

கிளம்பும் முன்னாடி மேனேஜரைக் கூட்டிட்டு ஹாலை ஒரு சுத்து சுத்துங்க. தரை, தொட்டி, மணமகள் அறை, கழிப்பறை. அவரே பார்த்து "சரி"ன்னு சொன்ன பிறகு சாவி. அடுத்த வருஷம் போன் பண்ணும்போது அவர் குரலே வேற மாதிரி இருக்கும்.

கடைசியா ஒரு சர்ச்சையான கருத்து. மண்டபத்தை இலவசமா வாங்காதீங்க. "நல்ல காரியம், வாடகை வேணாம்"னு ஓனர் சொல்வார். மனசு பெருசுதான். ஆனால் இலவசத்துக்கு ரசீது கிடையாது. ரசீது இல்லைன்னா நேரமும் கிடையாது. கடைசி நிமிஷத்தில் காசு கொடுத்த பார்ட்டி வந்தால் நீங்க ஒதுங்கணும், கேள்வி கேட்க முடியாது. நான் பார்த்தவரைக்கும் பாதி வாடகை கொடுத்து ரசீதில் நேரம் எழுதி வாங்கின முகாம்கள் நிம்மதியா நடந்திருக்கு. பேனருக்கும் பொன்னாடைக்கும் செலவு பண்ற காசில் இது முடிஞ்சிடும். ஓனர் கண்டிப்பா வாங்கமாட்டேன்னு சொன்னால், ஒரு ரூபாய்க்காவது ரசீது போடச் சொல்லுங்க, நேரத்தோடு.

மேனேஜருக்கு அனுப்ப வேண்டிய வாட்ஸ்அப் செய்தியை அப்படியே கீழே தர்றேன். நேரத்தை உங்க கணக்குக்கு ஏத்த மாதிரி மாத்திக்குங்க. அவர் "ஓகே"ன்னு பதில் போடுற வரைக்கும் நோட்டீஸ் அடிக்காதீங்க.

"அண்ணே வணக்கம். வர்ற ஞாயிறு ரத்ததான முகாம். காலை 7.30க்குச் சாவி வாங்கிக்கிறோம், மதியம் 2 மணிக்குத் திருப்பித் தர்றோம். தரைத்தள ஹால், மணமகள் அறை ரெண்டும் வேணும். மேசை 8, சாதா நாற்காலி 50, கைப்பிடி நாற்காலி 20. படுக்கை போடுற பக்கம் கம்பளம் வேண்டாம். 8 மணியிலேருந்து ஏசி. ஜெனரேட்டர் ஆள் 2 மணி வரை இருக்கணும், டீசல் காசு தனியா தந்திடுறோம். சிற்றுண்டி ஹாலுக்குள்ளேயே வைக்கிறோம், தரையைத் துடைக்க எங்க ஆள் உண்டு. மருத்துவக் கழிவை ரத்த வங்கி எடுத்துக்கும். அடுத்த பார்ட்டி சாமான் 2 மணிக்கு மேல இறங்கட்டும். முன்னாடி வந்தா மேடைப் பக்கம் மட்டும் வைக்கச் சொல்லுங்க, ஏணி, கம்பி எதுவும் ஹாலுக்குள்ள வேண்டாம். சரின்னா பதில் போடுங்க அண்ணே."

அவர் "2 மணி முடியாது தம்பி, 1 மணிக்கே வேணும்"னு சொன்னால் சண்டை போடாதீங்க. ஒரு மணி நேரம் குறைஞ்சால் 20 பேர் குறையணும். பதிவை 11 மணிக்கு மூடுங்க, நோட்டீஸில் 40 பேருக்கு மட்டும்னு போடுங்க. மீதி 20 பேரின் பெயரையும் நம்பரையும் ரத்த வங்கியிடம் கொடுத்துடுங்க. தேவைப்படும் நாளில் நேரில் வந்து கொடுக்கட்டும். ரத்தம் கெடாமல் இருக்கிறதும் சில வாரங்கள்தானே, ஒரே நாளில் எல்லோரும் கொடுத்தே ஆகணும்னு ஒண்ணும் இல்லை.